டைரக்டரியில் ஏறாத ஆறு பேர்

ஏழு லட்சத்து எழுபத்தேழாயிரத்து அறுநூறு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கலில் ஒரு பிழையும் இல்லாத பொய் அது. நாலு வருஷமாக அம்பத்தூர் வட்டாரச் சிறுதொழில் சங்கத்தின் டைரக்டரியில் அச்சாகி, பெரிய கம்பெனிகளின் மேசைகளில் கிடந்து, ஒரு ஆர்டரையும் கொண்டுவராத பொய்.

அந்த எண் இருந்த தாளைத்தான் சொர்ணம் அன்று காலையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

சொர்ணத்துக்கு நாற்பத்தாறு வயது. ஊர் நூம்பல். அயனம்பாக்கத்தில் இருக்கும் ஜெகன் ரப்பர் ஒர்க்ஸில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. முதல் ஒன்பது வருஷம் பிசிறு வெட்டினாள். அச்சிலிருந்து சூடாக வரும் ரப்பர் வளையத்தின் ஓரத்தில் தகடு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் உபரி ரப்பர்தான் பிசிறு. அதை வளைந்த கத்தரிக்கோலால் சுற்றி வெட்டி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நல்லதை ஒரு கூடையிலும் கெட்டதை ஒரு கூடையிலும் போட வேண்டும். அந்த வேலைக்கு ட்ரிம்மிங் என்று பெயர். அங்கிருந்து கணக்குப் பார்த்து எழுத ஆள் இல்லை என்று ஆபீசுக்கு இழுத்தார்கள். இப்போது பில் போடுவது, சரக்கு அனுப்புவது, போன் எடுப்பது, கம்ப்யூட்டர் தட்டுவது எல்லாம் அவள்தான். பதவியின் பெயர் என்னவென்று கேட்டால் அவளுக்கே தெரியாது. சம்பளச் சீட்டில் 'அலுவலகம்' என்று இருக்கும்.

உறுப்பினர் கம்பெனிகளின் விவரம் அடங்கிய அந்த டைரக்டரியைச் சங்கம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை திருத்திப் போடும். போன முறை போட்டதையே அச்செடுத்து அனுப்புவார்கள். தப்பை அடித்து, சரியானதை எழுதி, முதலாளி கையெழுத்தும் கம்பெனி சீலும் வைத்துத் திருப்பித் தர வேண்டும். கடைசி நாள் அந்தச் செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஐந்து மணி. தராவிட்டால் பழையதே மறுபடி அச்சாகும். போன முறை அப்படித்தான் ஆனது.

இந்த முறை அப்படி விட முடியாது. கையில் இருக்கும் ஆர்டர் மாதத்துக்குத் தொண்ணூறாயிரம் வளையம். அதைப் பகல் ஷிப்டே அடித்துத் தள்ளிவிடும். இரண்டாவது ஷிப்ட் பேருக்கு ஓடுகிறது. "பொங்கல் வரைக்கும் பாப்பேன். புது கஸ்டமர் வர்லன்னா ரெண்டாவது ஷிப்ட நிறுத்திடுவேன்" என்று முதலாளி ஜெகதீசன் சொல்லிவிட்டார். நிறுத்தினால், ரப்பரை அச்சில் வைத்து அழுத்தும் பிரஸ்ஸை ஓட்டும் நாலு ஆண்கள் போவார்கள். ட்ரிம்மிங் மேசையில் உட்காரும் ஆறு பெண்களில் மூன்று பேர் போவார்கள். எந்த மூன்று பேர் என்பதைச் சொர்ணம்தான் போய்ச் சொல்ல வேண்டும். அதே மேசையில் ஒன்பது வருஷம் உட்கார்ந்தவள்.

அதனால் அவளால் நாற்காலியில் நிலையாக உட்கார முடியவில்லை. எழுந்தாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி தாளை எடுத்தாள்.

தயாரிப்பு என்ற இடத்தில், 'அனைத்து வகை ரப்பர், பிளாஸ்டிக் மற்றும் உலோக உதிரிபாகங்கள்' என்று இருந்தது. இந்தக் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் என்றால் மதியச் சாப்பாட்டு டப்பாதான். உலோகம் என்றால் பீரோ. அதைச் சிவப்புப் பேனாவால் அடித்தாள். மேலே எழுதினாள்: நைட்ரைல், ஈபிடிஎம் ரப்பரில் குரோமெட், வாஷர், புஷ். குரோமெட் என்பது தகட்டின் ஓட்டை வழியாக வயர் போகும்போது அறுந்துபோகாமல் இருக்க மாட்டும் வளையம். இவர்கள் பிழைப்பே அதுதான். புஷ் என்பது அதே ரப்பரில் சின்னக் குழாய். வெளிவிட்டம் எட்டு மில்லிமீட்டரிலிருந்து எண்பது வரை. அதற்கு மேல் இவர்கள் பிரஸ்ஸில் ஏறாது. ரப்பரின் கடினம் நாற்பதிலிருந்து எண்பது ஷோர். வாங்க வருகிறவன் முதலில் பார்ப்பது இதைத்தான்: என் சாமானை இவன் செய்வானா, மாட்டானா. எல்லாம் செய்வேன் என்று எழுதியிருப்பவனை யாரும் தேடி வருவதில்லை. என்ன கேட்பது என்றே தெரியாதே.

அடுத்து, தொடர்பு. ஒரு லேண்ட்லைன், ஒரு செல் நம்பர், ஒரு மெயில் முகவரி. லேண்ட்லைனைத் தானே அடித்துப் பார்த்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது. இணைப்பைத் துண்டித்தது யார் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. இவள்தான். யாரும் அதில் கூப்பிடுவதில்லை என்று மூன்று வருஷத்துக்கு முன் எழுதிக் கொடுத்தாள். டைரக்டரியில் அந்த எண் இருப்பது நினைவுக்கே வரவில்லை. மெயில் அனுப்பிப் பார்த்தாள். போன வேகத்தில் திரும்பி வந்தது.

மிச்சம் செல் நம்பர். அடித்தாள். நாலு முறை மணி ஒலித்தது.

"யாருங்க?"

குரல் அவளுக்குத் தெரிந்தது. முதலாளியின் மகன் கிஷோர். ஓசூரில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர்.

"கிஷோரு, நான் சொர்ணம் பேசுறேன்பா. டைரக்டரில உன் நம்பரா கீது?"

"ஆமாக்கா. காலேஜ் முடிச்சிட்டு சும்மா இருந்தப்ப நான்தானே ஃபாரம் ரொப்புனேன். அப்பா மெயில் பாக்க மாட்டாரு, போனும் எடுக்க மாட்டாரு. அதான் இப்போதிக்கி இருக்கட்டும்னு என்னுத போட்டேன்."

"இப்போதிக்கின்னு போட்டு நாலு வருசம் ஆவுது. எதுனா போன் வந்துச்சா?"

கிஷோர் குரலைத் தாழ்த்தினான்.

"வந்துச்சுக்கா. மொதல்ல ஒன்னு ரெண்டு அப்பாகிட்ட சொன்னேன். அப்புறம் இங்க வேல சேந்துட்டேன். தெரியாத நம்பர்னா லோன் குடுக்குறவன்னு நெனச்சி கட் பண்ணிடுவேன். ஒரு ஆளுகிட்ட மட்டும் பேசுனேன். போன ஆடி மாசம். மாசத்துக்கு ஏழே முக்கால் லட்சம் வளையம்னு போட்டுகிறீங்களே, ட்ரிம்மிங்க்கு எத்தினி பேருன்னு கேட்டாரு. எனக்குத் தெரியல. தெரியலன்னு சொன்னேன். சரின்னு வெச்சிட்டாரு."

சொர்ணம் எழுந்து நின்றுவிட்டாள்.

"அதயே கேட்டாரா? எத்தினி பேருன்னு?"

"ஆமாக்கா. ஏன்?"

"ஒன்னும் இல்ல. நீ போனை பக்கத்துல வெச்சிகினு இரு. திரும்பக் கூப்பிடுவேன். லோன்காரன்னு நெனச்சி கட் பண்ணிடாத."

ஏன் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

டைரக்டரியைப் பார்த்து ஒரே ஒரு ஆள் நேரில் வந்தார். கிஷோர் ஆரம்பத்தில் அப்பாவிடம் சொன்ன போன்களில் ஒன்று அது. பேருந்துக்குப் பாகம் செய்யும் கம்பெனியின் கொள்முதல் ஆள். ஜெகதீசன் சட்டை மாற்றிக்கொண்டு நின்றார். பிரஸ் நாலையும் காட்டினார். அழுத்தம் எவ்வளவு, தட்டு எவ்வளவு அகலம் என்று விளக்கினார். வந்தவர் தலையாட்டிக்கொண்டே நடந்து, கடைசியில் ட்ரிம்மிங் மேசைக்குப் போய் நின்றார். அங்கே எதையும் கேட்கவில்லை. தலைகளை எண்ணினார். மேசையில் மூத்தவளான வாசந்தி ஒரு வளையத்தை வெட்டி முடிக்க எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளங்கையில் பேனாவால் என்னவோ பெருக்கினார். டீ வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கையில் எழுதியதைப் பக்கத்தில் நின்ற சொர்ணம் பார்த்தாள். ஜெகதீசன் பார்க்கவில்லை.

"ரேட்டு கேக்காமயே போயிட்டான். பாத்ரூம் சரியில்லன்னு போயிட்டான் போல" என்றார் ஜெகதீசன். அந்த வாரமே பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டார்.

சொர்ணம் வாயைத் திறக்கவில்லை. பிரஸ்கள் அடிக்கும் அளவுக்கு மேசை வெட்டாது என்று சொன்னால், முதலாளி வாயிலிருந்து வரும் அடுத்த வார்த்தை என்னவென்று அவளுக்குத் தெரியும். கையை வேகமா ஆட்டச் சொல்லு. மேசையில் உட்கார்ந்த ஒன்பது வருஷத்தில் அந்த வார்த்தையைத் தின்று வளர்ந்தவள் அவள். அதனால் விழுங்கினாள். விழுங்கியது இரண்டு வருஷம் உள்ளேயே கிடந்து உருண்டது.

மணி பன்னிரண்டரை. சாப்பாட்டு நேரம். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

ஆறு பேரும் டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் மூத்தவள் வசந்தகுமாரி. வாசந்தி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலப்பன்சாவடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவள். சொர்ணத்துக்குக் கத்தரிக்கோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருத்தி. நாக்கு கத்தரியை விடக் கூர்மை.

"வாம்மா ஆபீசரு. சோறு துன்ன வந்தியா, வேவு பாக்க வந்தியா?"

"ஒரு கணக்கு கேக்கணும்க்கா. ஒரு நாளைக்கு நீ எத்தினி வெட்டுவ?"

வசந்தகுமாரியின் கை டப்பாவிலேயே நின்றது. மற்ற ஐந்து பேரும் நிமிர்ந்தார்கள். அந்த மேசையில் எண்ணைப் பற்றிக் கேட்டு வந்தவர் யாரும் நல்லதுக்கு வந்ததில்லை.

"எதுக்குக் கேக்குற? கோட்டா வெக்கவா?"

"இல்லக்கா."

"அப்ப யாரை வூட்டுக்கு அனுப்பலாம்னு பாக்கவா?"

"அனுப்பாம இருக்கத்தான் கேக்குறேன். டைரக்டரில போடணும்."

"டைரக்டரியா? நாங்க ஆறு பேரும் அதுல கீறோமா?"

"இல்ல. அதான் பிரச்சன."

சொர்ணம் தரையில் உட்கார்ந்தாள். எதையும் மறைக்காமல் சொன்னாள். கிஷோர் எப்படிக் கணக்குப் போட்டான் என்று. ஒரு முறை ரப்பரை வைத்து அழுத்தி, வேகவைத்து, எடுப்பதற்கு எட்டு நிமிஷம். ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி நேரம் என்றால் நூற்று எண்பது முறை. ஒரு மோல்டில், அதாவது அச்சில், முப்பத்தாறு குழி. அப்படியென்றால் ஒரு பிரஸ்ஸுக்கு ஆறாயிரத்து நானூற்று எண்பது. நாலு பிரஸ். முப்பது நாள். ஏழு லட்சத்து எழுபத்தேழாயிரத்து அறுநூறு.

"அந்தப் பையன் கணக்குல பிரஸ் ஓட்டுறவன் ஒன்னுக்குப் போவ மாட்டானா?" என்றாள் வசந்தகுமாரி.

"போவ மாட்டான். ஞாயித்துக்கெழமையும் கெடையாது. மோல்டு மாத்த நேரம் கெடையாது. நாலாவது பிரஸ்ல புஷ்ஷுதான் ஓட்டுறோம், அதுல வளையமே வராது. அதுவும் தெரியாது."

"எங்கள?"

"உங்கள எண்ணவே இல்ல. பிரஸ்லேந்து வெளிய வந்தா சரக்கு ரெடின்னு நெனச்சிட்டான்."

ஒருத்தி சிரித்தாள். வசந்தகுமாரி சிரிக்கவில்லை.

"நான் ஒரு நம்பர் சொன்னா, நாளைக்கி அதையே என் கழுத்துல கட்டுவாங்கோ. இன்னைக்கி ஆயிரத்தி இருநூறுன்னா, நாளைக்கி ஆயிரத்தி ஐநூறு ஏன் ஆவாதுன்னு கேப்பாங்கோ. நீ கேட்டதில்லயா? நீயே இந்த இடத்துல உக்காந்து அழுதவதானே?"

"அச்சுல ஏறிட்டா கேக்க முடியாதுக்கா. அவரே கையெழுத்துப் போட்டு ஊருக்கெல்லாம் சொன்ன நம்பர். நம்ம ட்ரிம்மிங்க வெச்சித்தான் இந்தக் கணக்குன்னு பக்கத்துலயே எழுதிடுவேன். அதுக்கு மேல ஆர்டர் எடுத்தா, ஆள் எடுக்கணும். உங்க கைய முறுக்க முடியாது."

"எழுதுவியா?"

"எழுதுவேன்."

வசந்தகுமாரி தன் வலது கை ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள். நுனியில் குறுக்கே பழைய தழும்பு. "இது இன்னான்னு தெரியும் இல்ல? ஒருத்தன் ஆயிரத்தி ஐநூறு கேட்ட மாசம் ஆனது. எழுதிக்கோ. வெட்டி, பாத்து, கெட்டத ஒதுக்கி, ஆயிரத்தி இருநூறு. அதுக்கு மேல ஒன்னு இல்ல."

மற்றவர்களையும் கேட்டாள். ஒருத்தி ஆயிரத்து நூறு. ஒருத்தி ஆயிரத்து முந்நூறு. சராசரி வசந்தகுமாரி சொன்னதுதான்.

ஆபீசுக்கு வந்து பில்லின் பின்புறத்தில் எழுதினாள். மூன்று பிரஸ். ஒரு ஷிப்டில் சாப்பாடு, டீ, மோல்டு மாற்றுவது போக நானூறு நிமிஷம். ஐம்பது முறை. முப்பத்தாறால் பெருக்கினால் ஆயிரத்து எண்ணூறு. இரண்டு ஷிப்டும் ஓடினால் ஒரு நாளைக்கு மூன்று பிரஸ்ஸும் சேர்ந்து பத்தாயிரத்து எண்ணூறு. மேசையில் ஆறு பேர், ஏழாயிரத்து இருநூறு. எது குறைவோ அதுதான் கம்பெனி. வேலை நாள் இருபத்தைந்து. ஒரு லட்சத்து எண்பதாயிரம். நூற்றுக்கு ஐந்து கெட்டுப்போகும். ஒன்பதாயிரம் போனது. மிச்சம் ஒரு லட்சத்து எழுபத்தோராயிரம்.

நாலு முறை போட்டாள். நாலு முறையும் அதே விடை.

ஜெகதீசன் வெளியே போயிருந்தார். இரண்டு மணிக்கு வருவேன் என்றவர் மூன்றே முக்காலுக்கு வந்தார். அதற்குள் சொர்ணம் வாசலுக்கு எத்தனை முறை நடந்தாள் என்பதற்குக் கணக்கில்லை.

ஜெகதீசன் மோசமான ஆள் இல்லை. பிரஸ் ஓட்டுகிறவராக இருந்து, ஒரு பழைய பிரஸ்ஸை வாங்கிப் போட்டுத் தொடங்கியவர். பிரஸ் ஓட்டியவர் என்பதால் பிரஸ்ஸை மட்டும்தான் இயந்திரமாகவும், வேலையாகவும், உற்பத்தியாகவும் பார்ப்பார். ட்ரிம்மிங் அவருக்கு சமையலுக்குப் பின் பாத்திரம் கழுவுகிற மாதிரி. நடக்கும். எப்படி என்று யோசித்ததில்லை.

"இன்னா சொர்ணம், ரொப்பிட்டியா? பத்து லட்சம்னு போட்டுடு. பின்னாடி தெரு தமிழரசு எட்டு போட்டுகிறானாம். ரெண்டு பிரஸ்ஸ வெச்சிகினு எட்டு. நாம பத்து போட்டாத்தான் கண்ணுல படும்."

சொர்ணம் தாளை நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிப் படித்தார். சிவப்பு மையை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, எண்ணில் நின்றார்.

"இன்னா இது?"

"நம்ம கெப்பாசிட்டி சார்."

"ஒன்னே முக்கா லட்சமா? அதுவும் இல்ல. பைத்தியமா உனுக்கு? கம்பெனிய இழுத்து மூடுறேன்னு போர்டு எழுதி மாட்ட வேண்டியதுதானே. கொறச்சிப் போட்டா எவன் வருவான்?"

"ஏத்திப் போட்டு எவன் வந்தான் சார்?"

"வந்தானே ஒருத்தன்."

"வந்தாரு. ஏன் போனாருன்னு தெரியுமா?"

"பாத்ரூம்."

"பாத்ரூம் இல்ல சார்." பின்கட்டுப் பக்கம் கை காட்டினாள். "ட்ரிம்மிங் டேபிள். தலைய எண்ணுனாரு. வாட்ச பாத்தாரு. கையில எழுதுனாரு. நம்ம சொன்னதுல நாலுல ஒரு பங்கு கூட வெட்ட முடியாதுன்னு தெரிஞ்சிகினு போயிட்டாரு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

ஜெகதீசன் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு வருசமா பாத்துகினு சும்மாவா இருந்த? நான் டைல்ஸ் போட்டேன். நீ வேடிக்க பாத்துகினு இருந்த."

"ஆமா சார். தப்புதான்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அவங்களத்தான் திட்டுவீங்க."

அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. மகனுக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் வைத்தார். சொர்ணத்தைப் பொய்யாக்க வேண்டும் என்றுதான் போட்டார். கிஷோர் காலையில் சொன்னதையே சொன்னான். ட்ரிம்மிங்க்கு எத்தனை பேர் என்று கேட்டார், தெரியவில்லை என்றேன், வைத்துவிட்டார்.

"ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"எனக்கு அது ஒரு விசயமாவே தோணலப்பா. நீங்களும் கேக்கல."

ஜெகதீசன் போனை அணைத்தார். மணி நாலு பத்து. சங்க ஆபீசுக்கு வண்டியில் இருபது நிமிஷம். அது இருக்கும் தொழிற்பேட்டையில், எஸ்டேட்டில், ஷிப்ட் விடும் நேரம் என்றால் அரை மணி.

"சரி. கொறைச்சிக்கோ. ஆனா ஒன்னே முக்கா எல்லாம் அசிங்கம். ரெண்டு லட்சம்னு போடு. ரவுண்டா. அதுங்கள கொஞ்சம் கைய வேகமா ஆட்டச் சொல்லு."

வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாகக் கேட்கும் வார்த்தை. அதற்குப் பயந்துதான் சொர்ணம் பகல் முழுக்க வாசலுக்கும் மேசைக்கும் நடந்தாள். வந்தபின் பயப்பட ஒன்றும் இல்லை.

"ரெண்டு லட்சம்னா ஒருத்திக்கு ஒரு நாளைக்கி ஆயிரத்தி நானூறு சார். வெட்டலாம். பாக்க முடியாது. பாக்காம போட்டா, கெட்டது கலந்து போவும். மொத லாட்டுலயே திருப்பி அனுப்புவான்."

"நானூறு இன்னா, ஏழாவதா ஒருத்திய எடுத்துட்டா ரெண்டு வந்துடும் இல்ல?"

"எடுத்துட்டுப் போடுங்க. நான் வேணாம்னு சொல்லல. இன்னைக்கி ஆறு பேருதான் கீறாங்க. ஆறு பேருக்குத்தான் எழுதுவேன்."

"எழுதுறது நீ, கையெழுத்து போடுறது நானு. ரெண்டு போடு."

சொர்ணம் தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். தொடர்பு என்ற இடத்தைக் காட்டினாள். அங்கே அவள் தன் பெயரையும், ஆபீசுக்கென்று வாங்கிய செல் நம்பரையும் எழுதியிருந்தாள். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை.

"அப்ப இங்க என் பேர அடிச்சிட்டு உங்க பேர போடுங்க சார். வர்ற போனை நீங்க எடுங்க. வர்ற ஆளை நீங்களே டேபிளாண்ட கூட்டிகினு போங்க. தலைய எண்ணுவாரு. வாட்ச பாப்பாரு. ரெண்டு லட்சம் எப்படின்னு நீங்க சொல்லுங்க. என்னால அங்க நின்னுகினு சொல்ல முடியாது."

ஜெகதீசனுக்குப் பிரஸ் முன்னால் நிற்கத் தெரியும். அழுத்தம், சூடு, எண்ணெய் எதைக் கேட்டாலும் சொல்வார். ட்ரிம்மிங் மேசை முன்னால் நின்று ஒரு கேள்விக்குக்கூட அவரால் பதில் சொல்ல முடியாது. அது அவருக்கே அந்த நிமிஷம்தான் தெரிந்தது. பேனாவைக் கையில் வைத்து உருட்டினார். ஜன்னல் வழியாகப் பின்கட்டைப் பார்த்தார்.

"வாசந்தி இன்னா சொல்லிச்சு?"

"ஆயிரத்தி இருநூறு. அதுக்கு மேல ஒன்னு இல்லன்னுச்சு."

"அது சொல்லும்." சின்னதாக மூச்சு விட்டார். "தமிழரசு பாத்தா சிரிப்பான்."

"சிரிக்கட்டும் சார். அவருக்கும் போன் வர்றதில்ல."

கையெழுத்துப் போட்டார். கம்பெனி சீலைத் தான் வைக்காமல் அவள் பக்கம் தள்ளினார், கோபத்தைக் காட்ட ஒரு வழி வேண்டுமே என்று. அவள் சீல் வைத்தாள். நாலு இருபத்தைந்து.

ஸ்கூட்டரில் எஸ்டேட் வரைக்கும் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தாள். ஒவ்வொரு சிக்னலிலும் தாள் பைக்குள் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். சங்க ஆபீஸ் மாடிப்படி ஏறும்போது நாலு ஐம்பத்திரண்டு. கம்ப்யூட்டர் முன்னால் உலகநாதன் இருந்தார். பத்து டைரக்டரிகளைத் தட்டி எடுத்தவர். வாயில் பாக்கு.

"வாம்மா. கடைசி ஆளு நீதான். இன்னா, ஏத்தியாச்சா?"

"எறக்கியாச்சு."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பழைய எண்ணையும் புது எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் இந்தச் சீட்டுல உக்காந்து பத்தொம்பது வருசம் ஆவுது. கெப்பாசிட்டிய கொறைச்சி எழுதிகினு வந்த மொத ஆளு நீதான். சைபர் எதுனா விட்டுப்போச்சா?"

"இல்லண்ணே. சரியா கீது."

"பக்கத்துல இன்னாமோ நீட்டமா எழுதிகிற. அறுவது எழுத்துக்கு மேல இந்தக் கட்டத்துல நிக்காது. அத வுட்டுடலாம்."

"அத வுடக்கூடாது. நம்பர வேணா வுடுங்க. அத வுடாதீங்க."

உலகநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். பாக்கைத் துப்பிவிட்டு வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து எழுத்து எழுத்தாகச் சுருக்கினார்கள். டைரக்டரி ஆங்கிலத்தில் வருவது. மாதத்துக்கு இவ்வளவு, இரண்டு ஷிப்ட், இருபத்தைந்து நாள், ட்ரிம்மிங்கும் சோதனையும் முடிந்து, ட்ரிம்மிங்க்கு ஆறு பேர். கடைசியில் ஐம்பத்தெட்டு எழுத்தில் நின்றது. செல் நம்பரை அவர் தட்ட, அவள் ஒவ்வொரு இலக்கமாகப் படித்தாள். பிறகு அவர் மேசை போனிலிருந்தே அந்த எண்ணை அடிக்கச் சொன்னாள். அவள் பைக்குள் மணி அடித்தது. அப்போதுதான் படி இறங்கினாள்.

டைரக்டரி வந்து முதல் வாரம் போன் வரவில்லை. இரண்டாவது வாரமும் வரவில்லை. மார்கழி பிறந்துவிட்டது. சொர்ணம் குளிக்கப் போனாலும் செல்லை வெளித்திண்டில் வைத்துவிட்டுப் போனாள். ஜெகதீசன் தினமும் ஒருமுறை அந்தச் செல்லைப் பார்த்தார். பார்க்கும் பார்வையில் தமிழரசுவின் சிரிப்பு இருந்தது. வசந்தகுமாரி மட்டும் கேட்டாள்: "எங்க ஆறு பேரும் அச்சுல ஏறிட்டோமா?" சொர்ணம் பக்கத்தைத் திறந்து காட்டினாள். வசந்தகுமாரிக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் ஆறு என்ற எண் தெரியும். விரலை அந்த ஆறின் மேல் வைத்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்தாள்.

மூன்றாவது வாரம், புதன்கிழமை பதினொரு மணிக்குப் போன் வந்தது. பூந்தமல்லிப் பக்கம் வயரிங் செட் செய்யும் கம்பெனி. பெயர் ஜேம்ஸ் என்றார். மாதத்துக்கு எழுபதாயிரம் குரோமெட் வேண்டும், இருபத்திரண்டு மில்லிமீட்டர், நைட்ரைல். இருக்கும் தொண்ணூறோடு இதைச் சேர்த்தால் ஒரு லட்சத்து அறுபதாயிரம். சொர்ணம் மனசுக்குள் கூட்டி முடித்த பிறகுதான் மூச்சு விட்டாள். அடங்கும். இரண்டாவது ஷிப்டும் வேண்டும், ஆறு பேரும் வேண்டும். "நாளைக்கே வந்து பாருங்க சார்" என்றாள்.

வியாழக்கிழமை வந்தார். ஜெகதீசன் சட்டை மாற்றவில்லை. பிரஸ்களைக் காட்டினார். ஜேம்ஸ் தலையாட்டிக்கொண்டே நடந்து, மேசைக்கு வந்து நின்றார். தலைகளை எண்ணினார். ஆறு. கையிலிருந்த டைரக்டரிப் பக்கத்தைப் பார்த்தார். சொர்ணம் ஓரடி தள்ளி நின்றாள். ஜெகதீசன் அதற்கும் பின்னால். டீ வந்தது. ஜேம்ஸ் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, மேசை ஓரத்தில் வைத்தார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். சொர்ணத்தைக் கேட்கவில்லை, முதலாளியையும் கேட்கவில்லை. குனிந்து வசந்தகுமாரியைக் கேட்டார், ஒரு நாளைக்கு எத்தனை வெட்டுவீங்கம்மா என்று.

வசந்தகுமாரி நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

அவள் சொன்னதை ஜேம்ஸ் எழுதிக்கொண்டார். பக்கத்தில் ஆறால் பெருக்கினார், இருபத்தைந்தால் பெருக்கினார், டிக் அடித்தார், மிச்ச டீயையும் குடித்தார். எழுபதாயிரத்துக்கு ஆர்டர் தாள் திங்கட்கிழமை வரும் என்றார். நோட்டின் அந்தப் பக்கத்தில் முதல் வரியில் இருந்த எண்:

1,200.